கணிதத்தில் டபிள்யூ: பழைய கொப்பிகளை என்ன செய்வது?

கேள்வி: "நான் தலவாக்கலைப் பக்கம். சாதாரண தரத்துல கணிதம் மட்டும் டபிள்யூ வந்துருச்சு. திரும்ப எழுதப் போறேன். பத்தாம், பதினோராம் ஆண்டு கொப்பி ஐந்து இருக்கு, டியூசன் நோட்டு ஒரு பைல் நிறைய இருக்கு. எல்லாத்தையும் புதுசா எழுதணுமா, இதையே வச்சுப் படிக்கலாமா? எங்க இருந்து தொடங்குறது?"

பதில்:

புதிதாக எழுத வேண்டாம், தங்கச்சி. ஐந்து கொப்பியையும் அழகாகப் பிரதி எடுக்க ஒன்றரை மாதம் போய்விடும். அதில் கை வேலை செய்யுமே தவிர கணக்குச் செய்யும் மூளை வேலை செய்யாது. அப்படியே முதல் பக்கத்திலிருந்து வாசிப்பதும் சரிவராது. கொப்பி ஆசிரியர் பாடம் நடத்திய திகதி ஒழுங்கில் இருக்கிறது, வினாத்தாள் அந்த ஒழுங்கில் வருவதில்லை. நீங்கள் செய்ய வேண்டியது, பழைய கொப்பிகளை அப்படியே வைத்துக்கொண்டு, வினாத்தாளின் ஒழுங்கில் அவற்றுக்கு ஒரு வழிகாட்டிக் கொப்பி போடுவது. ஓட்டை உள்ள இடத்துக்கு மட்டும் புதுப் பக்கம் எழுதினால் போதும்.

ஆனால் கொப்பியைத் திறப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. ஒரு கடந்தகால வினாத்தாளை எடுத்து, கொப்பிகளைக் கட்டி மேலே வைத்துவிட்டு, பரீட்சை போலவே எழுதுங்கள். முதலாம் வினாத்தாளுக்கு 2 மணித்தியாலம், இரண்டாம் வினாத்தாளுக்கு 3 மணித்தியாலம். ஒரே நாளில் முடியாவிட்டால் அடுத்தடுத்த நாளில் எழுதலாம். மடக்கை அட்டவணையைத் தவிர எதுவும் பக்கத்தில் இருக்கக்கூடாது, போனில் கணிப்பானும் வேண்டாம். கொப்பியை முதலில் திறந்தால் எல்லாம் தெரிந்தது போலவே இருக்கும். உங்கள் கையெழுத்து, நீங்கள் போட்ட கோடு, ஆசிரியரின் சிவப்புச் சரி எல்லாம் பழகின முகம் மாதிரி. அதனால் எது தெரியும், எது பழக்கம் மட்டும் என்று பிரிக்க முடியாமல் போகும்.

எழுதி முடித்ததும் பரீட்சைத் திணைக்களத்தின் புள்ளியிடும் திட்டத்தை வைத்துத் திருத்துங்கள். கடந்தகால வினாத்தாள் புத்தகக் கடைகளில் கிடைக்கும். இல்லாவிட்டால் ஊர்க் கொமினிகேசனில் போட்டோக் கொப்பி எடுக்கலாம். விடையை மட்டும் பார்த்துச் சரி, பிழை போடாதீர்கள். இரண்டாம் வினாத்தாளில் ஒரு கேள்விக்கு 10 புள்ளி, அது படிக்குப் படி பிரித்துக் கொடுக்கப்படுகிறது. கடைசி விடை பிழைத்தாலும் முன்னைய படிகளுக்கான புள்ளி உங்களுடையது. திட்டத்தில் எந்த வரிக்குப் புள்ளி விழுகிறது என்று பார்ப்பதுதான் பிறகு உங்கள் குறிப்பை எப்படி எழுதுவது என்பதையும் சொல்லித்தரும்.

புள்ளி போன ஒவ்வொரு இடத்திலும் மூன்றில் ஒரு குறி போடுங்கள். முறை தெரியும், கூட்டல் கழித்தலில் அல்லது குறியில் வழுக்கிவிட்டது என்றால் "வ". தொடங்கி, நடுவில் அடுத்த படி தெரியாமல் நின்றது என்றால் "பா". கையே வைக்கவில்லை என்றால் "தொ". இந்த மூன்றையும் ஒன்றாகப் பிசைந்து "எனக்குக் கணக்கு வராது" என்று சொல்வதால்தான் இரண்டாம் தடவையும் பலர் அதே இடத்தில் நிற்கிறார்கள். மூன்றுக்கும் மருந்து வேறு.

ஒரு மாதிரிக் கணக்குப் பார்ப்போம். முதலாம் வினாத்தாளின் ஏ பகுதியில் 25 சிறு வினாக்கள், ஒன்றுக்கு 2 புள்ளி. அதில் 11 சரி என்றால் 22. பி பகுதியில் ஐந்து வினா, ஒன்றுக்கு 10 புள்ளி. அதில் 6, 4, 3, 2, 0 என்று கிடைத்தால் 15. மொத்தம் 37. இரண்டாம் வினாத்தாளில் ஏ பகுதியில் ஆறில் ஐந்து, பி பகுதியில் ஆறில் ஐந்து என்று 10 கேள்வி செய்ய வேண்டும். ஆறு கேள்வியை மட்டும் தொட்டு 5, 4, 3, 3, 2, 1 எடுத்தால் 18. இரண்டு தாளும் சேர்ந்து 200க்கு 55, அதை இரண்டால் பிரித்தால் 27.5. சித்திக்கு 35 வேண்டும், அதாவது 200க்கு 70. குறைவது 15 புள்ளி. பரீட்சை மண்டபப் பதற்றத்துக்கு இடம் விட்டு 90ஐக் குறிவையுங்கள். அப்போது தேட வேண்டியது 35 புள்ளி.

அந்த 35 எங்கே இருக்கிறது? ஏ பகுதியில் பிழைத்த 14 வினாவில் ஆறு "வ" என்று வைப்போம், அங்கே 12 புள்ளி. இரண்டாம் தாளில் "பா" போட்ட இரண்டு கேள்வியை 3 புள்ளியிலிருந்து 8க்கு ஏற்றினால் 10. "தொ" போட்ட கேள்விகளில் லேசானது இரண்டை எடுத்து ஒவ்வொன்றிலும் 7 எடுத்தால் 14. மொத்தம் 36. ஆக, ஐந்து கொப்பியில் உள்ள எல்லாப் பாடத்தையும் தூக்கிச் சுமக்கத் தேவையில்லை. நாலு பெரிய கேள்வி, ஆறு சிறு வழுக்கல். உங்கள் கணக்கு வேறாக வரும், ஆனால் இதே மாதிரி போட்டுப் பாருங்கள். எந்தப் பாடத்துக்குப் புதுப் பக்கம் எழுதுவது என்பதை இந்தக் கணக்குத்தான் தீர்மானிக்க வேண்டும்.

இப்போது கொப்பிகளை இறக்கலாம். பக்கங்களைக் கிழித்துப் பாடவாரியாகச் சேர்க்க வேண்டாம். கிழித்தால் பின்பக்கத்துக் கணக்குப் பாதியில் போகும். ஒவ்வொரு கொப்பியின் அட்டையிலும் 1, 2, 3 என்று பெரிதாக எழுதி, உள்ளே பக்க எண் போடுங்கள். டியூசன் பைலுக்கு 6. ஐந்து கொப்பிக்குப் பக்க எண் போட ஒரு பின்னேரம் போதும். பிறகு 80 பக்கக் கொப்பி ஒன்றை வழிகாட்டியாக வைத்து, வினாத்தாளில் வரும் கேள்வி வகை ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். வட்டியும் தவணையும் பங்குகளும், இருபடிச் சார்பின் வரைபு, சமன்பாடுகளும் தாயமும், திரிகோண கணிதம், கூட்டமாக்கிய மீடிறன் பரம்பலின் இடை, விருத்திகள், அமைப்பும் ஒழுக்கும், வட்டத் தேற்றங்கள், திண்மங்களின் கனவளவு, தொடைகள், நிகழ்தகவு என்று பெரும்பாலும் திரும்பத் திரும்ப வருபவைதான். பக்கத்தின் தலையில் வகையின் பெயர், கீழே "3/41, 5/12, 6/7" என்று கொப்பி எண்ணும் பக்க எண்ணும். அவ்வளவுதான். ஒரே வகை மூன்று கொப்பியில் சிதறிக் கிடந்தது அப்போதுதான் கண்ணில் படும்.

எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதற்கு ஒரே சோதனைதான். அந்தப் பக்கத்தில் உள்ள ஒரு கணக்கை எடுத்து, விடையைத் தாளால் மூடி, வேறு தாளில் செய்யுங்கள். இரண்டாம் வினாத்தாளில் 180 நிமிடத்துக்கு 10 கேள்வி, அதனால் ஒன்றுக்கு 18 நிமிடம். அந்த நேரத்துக்குள் படிகளோடு வந்தால் அந்தப் பக்கம் நல்ல பக்கம், வழிகாட்டியில் அதைச் சுற்றி வட்டம் போட்டு அப்படியே விடுங்கள். அதைத் திருப்பி எழுதவே கூடாது. வரவில்லை என்றால், எந்த வரியில் நின்றீர்களோ அந்த வரிக்கு நேரே ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு. அந்தக் கோடுதான் ஓட்டை.

ஒரு ஓட்டையைக் கிட்ட வைத்துப் பார்ப்போம். குறைந்து செல்லும் மீதிக்கு வட்டி கணிக்கும் கடன் கணக்கு. பழைய கொப்பியில் இது பெரும்பாலும் இப்படித்தான் கிடக்கும்: வலது மூலையில் திகதி, நடுவில் "மா.அ. = 78" என்று தனியே ஒரு வரி, கீழே விடை 2825, பக்கத்தில் சிவப்புச் சரி. 78 எப்படி வந்தது என்று இல்லை. போர்ட்டில் ஆசிரியர் வாயால் சொன்னார், கை எழுதவில்லை. ஒரு வருடம் கழித்துப் பார்க்கும்போது அந்த வரி ஊமையாகிவிடுகிறது.

கணக்கு இதுதான். 36 000 ரூபாய் தையல் இயந்திரம். முதலில் 6000 கட்டி, மீதியை ஆண்டுக்கு 24 சதவீத வட்டியில், குறைந்து செல்லும் மீதி முறையில் 12 சம மாதத் தவணையில் கட்ட வேண்டும். ஒரு தவணை எவ்வளவு? புதுப் பக்கத்தில் இது ஒரு படிக்கு ஒரு வரியாக இருக்க வேண்டும்:

கடன் = 36 000 − 6000 = 30 000
ஒரு மாதத்தில் கழியும் முதல் = 30 000 ÷ 12 = 2500
ஒரு மாத அலகுக்கு வட்டி = 2500 × 24/100 × 1/12 = 50
மாத அலகுகள் = 12 + 11 + 10 + … + 1 = 12/2 × (12 + 1) = 78
மொத்த வட்டி = 50 × 78 = 3900
ஒரு தவணை = (30 000 + 3900) ÷ 12 = 2825 ரூபாய்

நாலாவது வரிக்குப் பக்கத்தில் அதன் காரணம் ஒரு வாக்கியமாக வர வேண்டும். கடனை 2500 ரூபாய்ப் பங்கு பன்னிரண்டாக நினைத்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் பன்னிரண்டு பங்கும் உங்களிடம் இருக்கிறது, அதற்கு வட்டி. ஒன்றைக் கட்டியபின் இரண்டாம் மாதம் பதினொன்று, பிறகு பத்து. கடைசி மாதம் ஒன்று. அவற்றைக் கூட்டினால் 78. இதை எழுதும்போதே ஒன்று தெரியவரும்: இது கூட்டல் விருத்தியின் கூட்டுத்தொகை. அதாவது கடன் கணக்கில் நின்றவருக்கு உண்மையான ஓட்டை பல நேரம் கடன் பாடத்தில் இல்லை, விருத்திப் பாடத்தில் இருக்கிறது. அதனால் வழிகாட்டியில் "வட்டி" பக்கத்தில் "விருத்தி: 4/18 பார்" என்று ஒரு இணைப்பு எழுதுங்கள். விருத்தியில் கூட்டுத்தொகைச் சூத்திரத்தை முதலில் சரிக்கட்டாமல் கடன் கணக்கை இருபது தடவை செய்தாலும் 78 மனப்பாடமாக இருக்குமே தவிர, 18 தவணை என்று கேட்டால் 171 வராது.

அதே பக்கத்தின் அடியில் பிழை விடும் மூன்று இடத்தையும், அந்தப் பிழையை விடையே எப்படிக் காட்டிக்கொடுக்கும் என்பதையும் எழுதுங்கள். முதலாவது, 1/12ஐ மறப்பது. அப்போது ஒரு அலகுக்கு 600, மொத்த வட்டி 46 800. கடனே 30 000தான், ஒரு வருடத்துக்கு 24 சதவீதத்தில் வட்டி கடனைத் தாண்டவே முடியாது. இரண்டாவது, 30 000க்கும் முழு வருட வட்டி போட்டு 7200 எடுப்பது. மாதாமாதம் கடன் குறைவதால் வட்டி இதில் பாதியை விடக் கொஞ்சம் கூடுதலாக மட்டுமே வர வேண்டும், 3900 அப்படித்தான் இருக்கிறது. மூன்றாவது, முற்பணத்தைக் கழிக்காமல் 36 000இலேயே தொடங்குவது. இதை எந்த விடையும் காட்டிக்கொடுக்காது. கேள்வியில் "மீதியை" என்ற சொல்லின் கீழ் கோடு போடும் பழக்கம் ஒன்றுதான் வழி.

டியூசன் பைலில் இதற்கே ஒரு சுருக்குச் சூத்திரம் இருக்கலாம்: கடன் × (மாதம் + 1) × வீதம் ÷ 2400. போட்டுப் பாருங்கள், 30 000 × 13 × 24 ÷ 2400, அதே 3900தான் வரும். சூத்திரம் பிழை இல்லை. ஆனாலும் அதை உங்கள் பிரதான குறிப்பாக வைக்காதீர்கள். ஓர் எண் பிழைத்தால் இடையில் புள்ளி தருவதற்குப் படியே இருக்காது, "ஒரு மாத அலகுக்கான வட்டியைக் காண்க" என்று தனிப் பகுதி கேட்டால் கையில் ஒன்றும் இருக்காது. விடையைச் சரிபார்க்க மட்டும் பக்கத்தின் ஓரத்தில் இருக்கட்டும். பாடசாலையில் ஒரு முறை, டியூசனில் ஒரு முறை என்று இரண்டு இருக்கும் எல்லாப் பாடத்துக்கும் இதே தீர்ப்புத்தான்: பாடப்புத்தகத்தில் உள்ள படிமுறை பிரதானம், மற்றது ஓரத்துக்கு. இரண்டையும் பாதி பாதியாகக் கலப்பதுதான் "பா" குறிக்கு ஒரு பெரிய காரணம். பாடப்புத்தகம் கையில் இல்லாவிட்டால் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் edupub.gov.lk தளத்தில் இலவசமாக எடுக்கலாம்.

இன்னொரு வகை ஓட்டை குறிப்பில் இல்லை, படத்தில் இருக்கிறது. திரிகோண கணிதப் பக்கங்களைப் பார்த்தால் வரைந்த படங்கள் ஆசிரியர் தந்தவையாகவே இருக்கும். பரீட்சையில் சொற்களைப் படித்து நீங்களே வரைய வேண்டும். 40 மீற்றர் உயரப் பாறை உச்சியிலிருந்து கீழே கொழுந்து மடுவத்தின் அடியைப் பார்க்கும் இறக்கக்கோணம் 35 பாகை என்றால், உச்சியில் ஒரு கிடைக்கோடு வரைந்து அதிலிருந்து கீழ்நோக்கித்தான் 35 பாகை. பலர் பாறையின் நிலைக்குத்துக் கோட்டிலிருந்து அளந்துவிடுவார்கள். சரியாக வரைந்தால் கிடைத்தூரம் 40 ÷ 0.7002, கிட்டத்தட்ட 57.1 மீற்றர். பிழையாக வரைந்தால் 40 × 0.7002, 28 மீற்றர். கோணம் 45 பாகையை விடக் குறைவாக இருந்தால் கிடைத்தூரம் உயரத்தை விடக் கூடத்தான் வர வேண்டும் என்பதை அந்தப் பக்கத்தில் எழுதிவைத்தால் 28ஐக் கண்டதும் சந்தேகம் வரும். இந்த ஓட்டைக்குத் தேவை புதுக் குறிப்பு இல்லை. பழைய கொப்பியின் படங்களை மூடிவிட்டு, கேள்வியைப் படித்துப் படம் மட்டும் பத்துத் தடவை வரையுங்கள், கணக்கை முடிக்க வேண்டாம்.

"வ" போட்ட வழுக்கல்களுக்குத் தனியாகச் சின்னக் கொப்பி ஒன்று வேண்டும். இடப்பக்கத்தில் நீங்கள் எழுதிய பிழையான வரி, வலப்பக்கத்தில் சரியான வரி. பாடத்தின் பெயரே வேண்டாம். பத்துப் பதினைந்து சேர்ந்ததும் பாருங்கள், அவை பத்துப் பிழையாக இருக்காது, இரண்டு மூன்று பிழைதான் வேஷம் மாற்றி வந்திருக்கும். −3(x − 2) என்பதை −3x − 6 என்று விரிப்பது ஒன்று, +6 வர வேண்டும். மடக்கையில் மேலே கோடு போட்ட எண்ணோடு கூட்டுவது இன்னொன்று. 0.05 × 4 செய்யும்போது 0.05இன் மடக்கை கோடிட்ட 2, பிறகு .6990. அதோடு 0.6021ஐக் கூட்டினால் தசமப் பக்கம் 1.3011 ஆகி, ஒன்று இந்தப் பக்கம் வரும். கோடிட்ட 2 என்பது −2, அதோடு 1 சேர்ந்தால் கோடிட்ட 1, விடை 0.2. அவசரத்தில் 2உம் 1உம் 3 என்று கோடிட்ட 3 எழுதினால் விடை 0.002 ஆகிவிடும். இந்தக் கொப்பியைப் படிக்கும் முறை: வலப்பக்கத்தை மூடி, பிழையான வரியைப் பார்த்து, எங்கே பிழை என்று சொல்ல வேண்டும். மூன்று நாள் கழித்து ஒரு தடவை, பத்து நாள் கழித்து ஒரு தடவை. இரண்டு தடவையும் சொன்னால் அந்த வரியை வெட்டிவிடலாம்.

நம் பக்கத்து மழை மாதங்களில் கொப்பி லயத்துச் சுவரோரம் இருந்தால் பக்கங்கள் ஈரம் குடித்து ஒட்டிக்கொள்ளும், ஜெல் பேனா மை பரவும். வழிகாட்டிக் கொப்பியையும் புதுப் பக்கங்களையும் சாதாரணப் பால் பொயின்ற் பேனாவால் எழுதி, பொலித்தீன் உறையில் போட்டு, சுவரில் படாமல் வையுங்கள்.

ஆறு கிழமை கழித்து இரண்டாவது வினாத்தாள் ஒன்றை அதே நேரத்துக்கு, அதே மாதிரி எழுதி, அதே மூன்று குறியைப் போடுங்கள். மொத்தப் புள்ளியை விடக் குறிகளைப் பாருங்கள். "தொ" எல்லாம் "பா"வாக மாறியிருந்தால் வேலை சரியான பக்கம் போகிறது, புள்ளி இன்னும் ஏறாவிட்டாலும் பரவாயில்லை. நீங்கள் புதுப் பக்கம் எழுதிய வகையிலேயே திரும்பவும் "பா" விழுந்தால், அந்தப் பக்கத்தில் எங்கோ ஒரு வரி இன்னும் ஊமையாக இருக்கிறது. பக்கத்தை எடுத்துக்கொண்டு பாடசாலைக் கணித ஆசிரியரிடமோ, உயர்தரத்தில் கணிதம் செய்யும் அக்கா, அண்ணாவிடமோ போய், "இந்தப் பாடத்தைச் சொல்லித்தாங்க" என்று கேட்காமல், "இந்த மூன்றாம் வரியிலிருந்து நாலாம் வரி எப்படி வந்தது?" என்று கேளுங்கள். அவர் சொன்ன பதிலை வீட்டுக்கு வந்ததும் அந்த இரண்டு வரிக்கும் நடுவில் எழுதிவிடுங்கள்.